இரண்டு அரபு அட்டைகளும் ஆங்கிலப் படிவத்தின் கட்டங்களும்

வளைகுடா நாடுகளில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர்கள் கொழும்பில் மொழிபெயர்ப்புக்குக் கொண்டுவரும் ஆவணங்களில் அளவால் மிகச் சிறியவை சாரதி அனுமதிப்பத்திரமும் வாகனப் பதிவு அட்டையும்தான். இரண்டும் வங்கி அட்டை அளவிலானவை, இரண்டிலும் சேர்த்து இருபது வரிகள் இருந்தாலே அதிகம். அதனால் பலர் அவற்றைப் புகைப்படப் பிரதி எடுக்கும் கடைகளில் கொடுத்து, அங்கே அரபு தெரிந்த யாராவது ஒருவர் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். என் அனுபவத்தில் பிறப்புச் சான்றிதழையும் விவாகப் பதிவையும்விட இந்த இரண்டு அட்டைகளுக்கே கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. பிறப்புச் சான்றிதழை ஒரு மனிதர் முழுமையாக வாசிப்பார். இந்த அட்டைகளை அப்படி யாரும் வாசிப்பதில்லை. ஒவ்வொரு வரியும் காப்புறுதி நிறுவனத்தின் அல்லது வாகன வாடகை நிறுவனத்தின் கணினிப் படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். அதன் பிறகு அரபு தெரியாத ஒருவர் அந்தக் கட்டத்தை வேறு ஆவணங்களோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்.

படிவத்தின் கட்டம் தனக்கு வேண்டியதைக் கேட்கிறது, அட்டையோ தன்னிடம் இருப்பதை மட்டுமே சொல்கிறது. இரண்டும் பொருந்தாத இடத்தில் மொழிபெயர்ப்பாளர் அட்டையின் பக்கமே நிற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது நடைமுறையில் எப்படி என்பதை, 2025 ஜூன் மாதத்தில் என்னிடம் வந்த ஒரு சவூதி அரேபிய அனுமதிப்பத்திரத்தையும் அதனோடு வந்த ‘இஸ்திமாரா’ என்று எல்லோரும் அழைக்கும் பதிவு அட்டையையும் வைத்துச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

வந்தவர் வெள்ளவத்தைக்காரர். தம்மாமில் பல ஆண்டுகள் கணக்காளராக இருந்து திரும்பியவர். அடுத்த வேலை இன்னொரு நாட்டில் கிடைத்திருந்தது. அந்த நாட்டுக் காப்புறுதி நிறுவனம், அவர் சவூதியில் விபத்துக் கோரிக்கை எதுவும் இல்லாமல் வாகனம் ஓட்டிய காலத்தைக் கணக்கில் எடுத்துக் கட்டணத்தைக் குறைக்கச் சம்மதித்து, அனுமதிப்பத்திரம், பதிவு அட்டை, பழைய காப்புறுதி நிறுவனத்தின் கடிதம் ஆகிய மூன்றையும் கேட்டிருந்தது. கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. இரண்டு அட்டைகளையும் ஒரு கடையில் மொழிபெயர்த்து அனுப்பியிருந்தார். விவரங்கள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை என்று சொல்லி நிறுவனம் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது.

முதலில் பெயர். பரமேஸ்வரன் என்பது போல ‘ப’வில் தொடங்கும் பெயர் அவருடையது. தமிழில் ஒரே ‘ப’ இரண்டு ஒலிக்கும் நிற்கிறது, அரபியிலோ P ஒலிக்குரிய எழுத்தே கிடையாது. ஆகவே சவூதி அலுவலகத்தில் அது ‘பா’ என்ற எழுத்தால், அதாவது ஆங்கிலத்தில் B என்று வாசிக்கக்கூடிய எழுத்தால் பதிவாகியிருந்தது. குறில் உயிரெழுத்துகள் எழுதப்படுவதுமில்லை. கடைக்காரர் அரபு எழுத்துகளைப் பார்த்துத் திரும்ப ஆங்கிலமாக்கியபோது கடவுச்சீட்டில் P என்று தொடங்கும் பெயர் B என்று தொடங்கியது, நடுவில் இரண்டு உயிரெழுத்துகளும் மாறிப்போயின. வாசிப்பவருக்கு இது வேறொரு மனிதரின் பெயர். பெயர்க் கட்டத்தில் கடவுச்சீட்டின் எழுத்துக்கூட்டலையே எழுத வேண்டும். அட்டையில் உள்ள அரபு வடிவம் எப்படி ஒலிக்கிறது என்பதை மொழிபெயர்ப்பின் குறிப்பில் தனியாகச் சொல்லலாம். அட்டையிலேயே ஆங்கில எழுத்தில் பெயர் அச்சாகியிருந்து அது கடவுச்சீட்டோடு வேறுபட்டால், அந்த வேறுபாட்டையும் மறைக்காமல் குறிப்பில் எழுத வேண்டும்.

அனுமதிப்பத்திர இலக்கத்தில் பிழை இல்லை. ஆனால் நிறுவனம் அதையும் சந்தேகித்திருந்தது. சவூதியில் அனுமதிப்பத்திர இலக்கமும் வதிவிட அட்டையான இகாமாவின் இலக்கமும் ஒன்றே. 2 என்ற இலக்கத்தில் தொடங்கும் பத்து இலக்கங்கள். இரண்டு கட்டங்களில் ஒரே எண் வந்ததைப் பார்த்த எழுதுவினைஞர், தட்டச்சு செய்தவர் தவறுதலாக ஒன்றையே இரு தடவை போட்டுவிட்டார் என்று நினைத்திருக்கிறார். ஒரு வரிக் குறிப்பு இதற்குப் போதும்.

திகதிதான் உண்மையில் கனமான இடம். அவருடைய பழைய அட்டையில் வழங்கிய திகதி 14/09/1436 என்றும் முடிவுத் திகதி 14/09/1446 என்றும் இருந்தன. இரண்டும் ஹிஜ்ரி ஆண்டுகள், பத்தாண்டு அனுமதிப்பத்திரம். படிவத்தின் திகதிக் கட்டம் 1436 என்ற ஆண்டை ஏற்றுக்கொள்ளாது. கடைக்காரர் ஹிஜ்ரி 1436 என்பது 2015ஆம் ஆண்டு என்று சரியாகத் தெரிந்துகொண்டு, நாளையும் மாதத்தையும் அப்படியே விட்டு ஆண்டை மட்டும் மாற்றியிருக்கிறார். 14 செப்டெம்பர் 2015 முதல் 14 செப்டெம்பர் 2025 வரை என்று ஆகிவிட்டது.

இஸ்லாமிய நாட்காட்டியான ஹிஜ்ரியில் ஒன்பதாவது மாதம் செப்டெம்பர் அல்ல, ரமழான். சவூதி அரசு அலுவலகங்கள் பின்பற்றும் உம்முல் குரா நாட்காட்டியில் 1436 ரமழான் முதல் நாள் 2015 ஜூன் 18. ஆகவே ரமழான் 14 என்பது 2015 ஜூலை 1. முடிவுத் திகதிக்கு வந்தால், 1446 ரமழான் முதல் நாள் 2025 மார்ச் 1, அதன் 14ஆம் நாள் 2025 மார்ச் 14. கடை கொடுத்த தாளில் செப்டெம்பர் வரை செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம், உண்மையில் அவர் என்னிடம் வருவதற்கு முன்பே காலாவதியாகியிருந்தது.

“தம்பி, செப்டெம்பர் மட்டும் இருக்கெண்டுதானே இதில போட்டிருக்கு?” என்று அவர் தாளைக் காட்டிக் கேட்டார். “அது கடைக்காரர் போட்ட திகதி, அண்ணை. அட்டையில இருக்கிறது நோன்பு மாசம்” என்றேன். பக்கத்து வீட்டு முஸ்லிம்களின் நோன்பு மார்ச் மாதத்தில் நடந்தது அவருக்கு நினைவிருந்தது. அதன் பிறகு விளக்கம் தேவைப்படவில்லை.

இத்தகைய பிழையை அரபு தெரியாதவரும் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஹிஜ்ரி ஆண்டு சுமார் 354 நாட்கள் கொண்டது, அதாவது நாம் வழங்கும் ஆண்டைவிடப் பதினொரு நாட்கள் குறைவு. பத்து ஹிஜ்ரி ஆண்டுகள் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகளும் எட்டரை மாதங்களுமே ஆகும். மேலே சொன்ன இரண்டு திகதிகளுக்கும் இடையில் 3544 நாட்கள்தான் இருக்கின்றன. முழுப் பத்து ஆண்டுகளுக்கு 3653 நாட்கள் வர வேண்டும். ஆகவே ஹிஜ்ரித் திகதி கொண்ட பத்தாண்டு அட்டையின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வழங்கிய நாளும் முடிவு நாளும் ஒரே நாள், ஒரே மாதம், பத்தாண்டு இடைவெளி என்று அழகாகப் பொருந்தி வந்தால், அந்த மாற்றம் தவறு என்று உடனே முடிவு செய்யலாம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கொழும்பில் தொங்கும் நாட்காட்டியில் அச்சாகியிருக்கும் ஹிஜ்ரித் திகதியை வைத்து மாற்றக் கூடாது. இங்கே மாதத்தின் தொடக்கம் பிறை பார்த்துப் பெரிய பள்ளிவாசலில் அறிவிக்கப்படுகிறது. சவூதி அலுவலகத் திகதிக்கும் அதற்கும் ஒரு நாள் வித்தியாசம் வருவது சாதாரணம். மார்க்கக் கடமைக்கு இங்குள்ள அறிவிப்பே சரி, ஆனால் சவூதி அட்டையின் செல்லுபடிக் காலத்துக்கு உம்முல் குரா அட்டவணையே சரி. கடைசி நாளில் வாகனத்தை எடுத்துக்கொண்டு போகிறவருக்கு அந்த ஒரு நாள் பெரிய வேறுபாடு.

நான் திகதியை எழுதும் முறை எளிது. மொழிபெயர்ப்புத் தாளில் அட்டையில் உள்ளதை முதலில் `14/09/1436 AH` என்று அப்படியே எழுதுகிறேன். அதன் அருகில் `01 July 2015` என்று மாற்றிய திகதியை மாதப் பெயரோடு எழுதி, உம்முல் குரா நாட்காட்டிப்படி மாற்றப்பட்டது என்று குறிப்பிடுகிறேன். மாதத்தை எண்ணால் எழுதினால் 01/07 என்பது ஜூலை முதலாம் திகதியா ஜனவரி ஏழாம் திகதியா என்ற இன்னொரு குழப்பம் அமெரிக்க முறையைப் பின்பற்றும் நிறுவனங்களில் தொடங்கிவிடும். அரபு அட்டைகளில் ஆண்டு முதலில் வந்தாலும் கடைசியில் வந்தாலும் நடுவில் இருப்பது மாதம்தான், அந்த வகையில் அவை தெளிவானவை.

திகதி சரியானதும் அடுத்த கட்டம் `Date first issued` என்று இருந்தது. முதன்முதலாக அனுமதிப்பத்திரம் பெற்ற நாள். காப்புறுதிக் கட்டணம் பெரும்பாலும் இதைப் பொறுத்தே அமைகிறது, வாகனம் வாடகைக்கு விடுவோரும் குறைந்தது ஓராண்டு அனுபவம் இருக்கிறதா என்று இதைக் கொண்டுதான் பார்க்கிறார்கள். அவருடைய அட்டையில் இருந்ததோ அந்த அட்டை வழங்கப்பட்ட நாள். அதற்கு முன்பே ஐந்தாண்டு அட்டை ஒன்று வைத்திருந்ததாகச் சொன்னார். நான் அதை நம்பினேன், ஆனாலும் கட்டத்தில் எழுதவில்லை. மொழிபெயர்ப்பாளரின் முத்திரை அட்டையில் இருப்பதற்கு மட்டுமே சாட்சி, வாடிக்கையாளரின் நினைவுக்கு அல்ல. ‘இந்த அட்டை வழங்கிய திகதி, முதல் வழங்கல் திகதி அட்டையில் இல்லை’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். பழைய அட்டையின் பிரதி கிடைத்தால் அதைத் தனியாக மொழிபெயர்த்து இணைக்கலாம்.

வாகன வகுப்புக் கட்டத்திலும் இதே ஒழுங்கு. அட்டையில் ‘குஸூஸீ’ என்று இருந்தது, தனியார் வாகனம் ஓட்டுவதற்கான அனுமதி. நம்முடைய அனுமதிப்பத்திரத்தில் இலகு மோட்டார் காருக்கு B என்ற வகுப்பு இருப்பதால், கடைக்காரர் அந்த எழுத்தைப் போட்டிருந்தார். கருத்தளவில் இரண்டும் நெருங்கியவைதான். ஆனால் சவூதி அட்டையில் B என்ற எழுத்தே இல்லை. அந்த எழுத்துக்கு இலங்கையில் எடை வரம்பும் ஆசன வரம்பும் உண்டு. அந்த வரம்புகளைச் சவூதி அதிகாரசபை எழுதாத ஒரு அட்டைமேல் நாம் ஏற்றிவிடுகிறோம். `Private` என்று எழுதி, சமமான வகுப்பு எது என்பதை அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் உள்ளவரிடம் விட்டுவிடுவதே முறை. இலங்கைக்குள் ஓட்டுவதற்காக வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்தை மாற்றும்போது அந்த அதிகாரம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துடையது.

இனிப் பதிவு அட்டை. இதில் அரபு வரிகள் மிகுதி, ஆங்கிலம் குறைவு. நிறுவனம் முதலில் ஒப்பிட்டது இலக்கத்தகட்டு எண்ணை. காப்புறுதிக் கடிதத்தில் J, E, Z ஆகிய எழுத்துகள் கொண்ட இலக்கம் இருந்தது. கடையின் மொழிபெயர்ப்பில் H, A, M என்று இருந்தது. நான்கு எண்களும் ஒன்றே.

சவூதி இலக்கத்தகட்டில் மூன்று எழுத்துகளும் எண்களும் அரபியிலும் லத்தீனிலும் சேர்ந்தே வரும். அரபு அகரவரிசை முழுவதும் பயன்படுவதில்லை, பதினேழு எழுத்துகளே பயன்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு லத்தீன் எழுத்து அரசால் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த ஒதுக்கீடு எல்லா இடத்திலும் ஒலியைப் பின்பற்றவில்லை. பா என்பதற்கு B, ஸீன் என்பதற்கு S, நூன் என்பதற்கு N என்று பல எழுத்துகள் ஒலிப்படியே போகின்றன, அதனால்தான் மொழிபெயர்ப்பவர் ஏமாந்துபோகிறார். தொண்டையிலிருந்து வரும் ஹா என்ற எழுத்துக்கு J, ஸாத் என்ற எழுத்துக்கு X, ஐன் என்ற எழுத்துக்கு E, காஃப் என்ற வன்மையான எழுத்துக்கு G, மீம் என்ற எழுத்துக்கு Z, வாவ் என்ற எழுத்துக்கு U, யா வடிவத்துக்கு V. அவருடைய அட்டையில் இருந்தவை ஹா, ஐன், மீம். ஒலிப்படி வாசித்தால் H, A, M. அரசின் ஒதுக்கீட்டுப்படி J, E, Z.

இதில் ஆபத்து என்னவென்றால், H, A ஆகிய எழுத்துகளும் அந்த ஒதுக்கீட்டில் இருக்கின்றன, ஆனால் அவை வேறு இரண்டு அரபு எழுத்துகளுக்கு உரியவை. ஆகவே ஒலிப்படி எழுதும் இலக்கம் சில வேளைகளில் வேறொரு வாகனத்தைச் சுட்டிவிடக்கூடும். எழுத்துகளின் வரிசையும் குழப்பக்கூடியது. அரபு வலமிருந்து இடமாகவும் லத்தீன் இடமிருந்து வலமாகவும் வாசிக்கப்படுவதால், ஒன்றைப் பார்த்து மற்றதை எழுதும்போது மூன்று எழுத்துகளும் தலைகீழாகிவிட முடியும். எனவே நான் பதிவு அட்டையோடு நின்றுவிடாமல், இலக்கத்தகடு தெளிவாகத் தெரியும் வாகனப் புகைப்படம் ஒன்றைக் கேட்டு வாங்கி, தகட்டில் லத்தீன் எழுத்துகள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அப்படியே எழுதுகிறேன். குடும்பப் படம் எதிலாவது காரின் முன்புறம் விழுந்திருக்கும். இவருக்கும் அப்படி ஒன்று கைபேசியில் கிடைத்தது.

அடுத்து செசி இலக்கம். இஸ்திமாராவில் இரண்டு நீண்ட இலக்கங்கள் இருக்கின்றன. ‘ரக்முல் ஹைகல்’ என்ற வரியில் இருப்பது செசி இலக்கம். அது லத்தீன் எழுத்துகளும் எண்களும் கலந்த பதினேழு குறிகளாக அச்சாகியிருக்கும். ‘அர்ரக்முத் தஸல்ஸுலி’ என்ற வரியில் இருப்பது தொடர் இலக்கம். அது எண்கள் மட்டும் கொண்டது, சவூதிப் பதிவேட்டில் அந்த வாகனத்துக்குரிய வரிசை எண். சவூதிக் காப்புறுதி நிறுவனங்கள் வாகனத்தை அடையாளம் காண இந்தத் தொடர் இலக்கத்தைக் கேட்பது வழக்கம். கடையின் தாளில் தொடர் இலக்கம் செசி இலக்கக் கட்டத்தில் போயிருந்தது. இதற்குக் கொழும்பின் பழக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நம் தெருக்களில் ஓடும் ஜப்பானிய உள்நாட்டுச் சந்தை வாகனங்களின் செசி இலக்கம் பதினேழு குறிகள் கொண்டதல்ல. மாதிரிக் குறியீடு, ஒரு கோடு, பிறகு ஆறு அல்லது ஏழு எண்கள் என்று குறுகியது. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எண்கள் மட்டும் உள்ள சிறிய இலக்கம் அந்நியமாகத் தெரிவதில்லை. பதினேழு குறிகள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். I, O, Q ஆகிய மூன்று எழுத்துகளும் அதில் வரவே மாட்டா என்பதால், மங்கலான படத்தில் வட்டமாகத் தெரிவது பூச்சியம்தான், நேர்கோடாகத் தெரிவது ஒன்றுதான். தொடர் இலக்கத்தை விட்டுவிடவும் கூடாது. காப்புறுதிக் கடிதத்தையும் பதிவு அட்டையையும் இணைக்கும் கயிறு பல வேளைகளில் அதுதான்.

உரிமையாளர் கட்டத்தில் நிறுவனம் கேட்ட கேள்வி நியாயமானது: விண்ணப்பதாரரின் கார் என்றால், உரிமையாளராக ஒரு நிதி நிறுவனம் ஏன் இருக்கிறது? இஸ்திமாராவில் ‘மாலிக்’ என்ற வரியும் ‘முஸ்தக்திம்’ என்ற வரியும் தனித்தனியாக உண்டு. முன்னது உரிமையாளர், பின்னது பயன்படுத்துபவர். தவணைக் குத்தகையில் எடுத்த கார் என்பதால் உரிமையாளர் வரியில் நிதி நிறுவனமும், பயன்படுத்துபவர் வரியில் இவரும் இருந்தார்கள். கடைக்காரர் இரண்டாவது வரியை மொழிபெயர்க்கவே இல்லை. நமக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. லீசிங்கில் எடுத்த வாகனத்தின் சி.ஆர். புத்தகத்தில் லீசிங் நிறுவனம் முழுமை உரிமையாளராகவும் ஓட்டுகிறவர் பதிவுசெய்த உரிமையாளராகவும் இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் இந்த ஒற்றுமையை நம்பி, ‘முஸ்தக்திம்’ என்பதைப் பதிவுசெய்த உரிமையாளர் என்று எழுதிவிடக் கூடாது. சவூதி அட்டை அவரை எந்த வகையிலும் உரிமையாளர் என்று சொல்லவில்லை. `Owner` என்றும் `User` என்றும் இரண்டு வரிகளையும் எழுதினால், வாசிப்பவர் நிலைமையைத் தானாகவே புரிந்துகொள்வார்.

பதிவு வகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘குஸூஸீ’ என்றால் தனியார் பாவனை. ‘நக்ல் காஸ்’ என்றால் தனியார் பொருட்போக்குவரத்து, பிக்கப் வாகனங்களில் இதைக் காணலாம். ‘நக்ல் ஆம்’ என்றால் பொதுப் போக்குவரத்து. முதல் இரண்டையும் ஒரே ஆங்கிலச் சொல்லால் எழுதினால், பொருள் ஏற்றும் வாகனம் குடும்பக் கார் ஆகிவிடும். பாவனையைத் தவறாகச் சொன்ன வாகனத்துக்கு இழப்பீடு மறுக்கக் காப்புறுதி நிறுவனத்துக்கு நல்ல காரணம் கிடைத்துவிடும்.

எகிப்திய அட்டைகள் கொழும்பில் அபூர்வமாகத்தான் வருகின்றன, பெரும்பாலும் இங்கு வாகனம் வாடகைக்கு எடுக்க விரும்பும் பயணிகளிடமிருந்து. அவற்றில் திகதி ஹிஜ்ரி அல்ல, நாம் வழங்கும் ஆண்டுதான். சிக்கல் எண் வடிவத்தில் இருக்கிறது. ٥ என்பது ஐந்து, பூச்சியம் போலத் தெரியும். ٠ என்ற புள்ளிதான் பூச்சியம். ٦ என்பது ஆறு, ஏழு போலத் தெரியும். வாடகை அலுவலகத்தில் அவசரமாகப் பார்த்து எழுதுகிறவர் 2025ஐ வேறு ஆண்டாக எழுதிவிட அது போதும். எண்களின் ஓட்டம் அரபியிலும் இடமிருந்து வலம்தான் என்பதால் இலக்கத்தைத் திருப்பி எழுத வேண்டியதில்லை.

வெள்ளவத்தைக்காரருக்கு நான் கொடுத்தது ஒரே பக்கம். இடது பக்கம் அட்டையின் வரி, நடுவில் அதன் ஆங்கிலம், வலது பக்கம் படிவத்தின் எந்தக் கட்டத்துக்கு அது உரியது என்ற குறிப்பு. அட்டையில் இல்லாத கட்டங்களுக்கு எதிரே `Not stated on card` என்று எழுதினேன். இரு அட்டைகளின் இரு பக்கங்களையும் வண்ணப் பிரதி எடுத்து அந்தப் பக்கத்தோடு இணைத்து, சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரை பிரதியிலும் விழும்படி வைத்தேன். பிரதி இணைக்கப்படாத மொழிபெயர்ப்பை எந்த அட்டைக்குரியது என்று யாராலும் சொல்ல முடியாது.

பழைய ஐந்தாண்டு அட்டையின் பிரதியை அவரால் எடுக்க முடியவில்லை. சவூதியின் அப்ஷர் என்ற அரசு இணையத்தளத்துக்குள் நுழையப் பதிவு செய்த கைபேசிக்கு வரும் குறியீடு வேண்டும். அந்தச் சிம் அட்டையை அவர் நாடு திரும்பும்போது விட்டுவிட்டு வந்திருந்தார். நிறுவனம் கேட்டிருந்தது முன் அனுபவத்துக்கான சான்று மட்டுமே என்பதால், அட்டை காலாவதியானது அதற்குத் தடையாகவில்லை. 2015 ஜூலை 1 முதல் 2025 மார்ச் 14 வரையான காலத்தை அது ஏற்றுக்கொண்டது, அதற்கு முந்திய ஆண்டுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.